சப்டைட்டில் வேலைக்கு டெபாசிட் கேட்டால் கட்டாதீங்க: 8,000 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் கடைசி பதில் வந்தது. கை இன்னும் நடுங்குது. பெங்களூரில் இருக்கிற தமிழர்கள் யாரும் இதில் மாட்டக்கூடாதுன்னு உடனே எழுதறேன்.

அல்சூரில் ஒரு மாடி ஆபீஸ். தமிழ் வீடியோக்களுக்கு சப்டைட்டில் போட ஆள் எடுக்கிற இடைத்தரகர்கள். நிமிஷத்துக்கு 25 ரூபாய், 180 நிமிஷ ஆடியோ, ஆக 4,500. அதுக்கு முன்னாடி 'திருப்பித் தருகிற' டெபாசிட் 3,500. டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்ததை அங்கிருந்த அம்மா வரிவரியாப் படிச்சு, "ஒற்றுப் பிழை ஒண்ணுகூட இல்லையே, எங்க படிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. தமிழ் தெரிந்தவர் ஏமாத்த மாட்டார்னு நம்பி அங்கேயே யுபிஐயில் பணம் போட்டாச்சு.

ஒரு மணி நேர ஆடியோவைக் கேட்டு எழுதி, நேரம் பொருத்த ஒன்பது மணி நேரம் ஆகும். மூணு மணி நேர ஆடியோவுக்குக் கிட்டத்தட்ட 27 மணி நேர உழைப்பு. ஃபைலை அனுப்பின மறுநாள், "ஃபான்ட் எரர், 98 சதவீதம் தப்பு, டெபாசிட் கிடையாது"ன்னு மெயில். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அனுப்பினது இது:

```
12
00:01:04,200 --> 00:01:06,700
வா மாமா
```

ஸ்கிரீன்ஷாட்டில் மூணாவது வரி இப்படி இருந்தது:

```
à®µà®¾ à®®à®¾à®®à®¾
```

இது டைப் பண்ணினவர் தப்பே இல்லை. எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டரில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட். அதை ஆங்கிலத்துக்கான பழைய என்கோடிங்கில் திறந்தால் குறிக்குக் குறி இந்த à வந்து நிற்கும். ஃபைலுக்குள்ள தமிழ் முழுசா இருக்கு, யூடிஎஃப்-8னு சொல்லித் திறந்தால் அப்படியே தெரியும். நோட்பேடில் அந்தப் பழைய முறையான ஆன்சியில் சேவ் பண்ணியிருந்தால்தான் எழுத்துக்குப் பதிலா வெறும் ???? ஆகும். அப்போ தமிழ் நிஜமாவே அழிஞ்சிருக்கும், திரும்ப டைப் பண்ணணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சப்டைட்டில் தொழில் பண்றவங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க.

விளக்கி எழுதினால், "க்யூசி டீம் பார்த்துட்டு சொல்லும்". போன் பண்ணினால், "மேடம் மீட்டிங்". நேரில் போனால், "கிளையன்ட் முடிவு, எங்க கையில் இல்லை". டெபாசிட் 3,500, கூலி 4,500. மொத்தம் 8,000 ரூபாய். எட்டாயிரம்!

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. வேலை கொடுக்கிறவங்க உங்ககிட்ட பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துடுங்க. நிமிஷக் கணக்கு ஆடியோ நிமிஷமா, வேலை நிமிஷமான்னு எழுத்தில் வாங்குங்க. முதல் 10 நிமிஷத்தை மட்டும் அனுப்பி, அதுக்குக் காசு வந்தபிறகு மீதியைத் தொடுங்க. யூடிஎஃப்-8ல் சேவ் பண்ணி, அனுப்பின மெயிலையும் ஃபைலையும் அழிக்காமல் வைங்க. பணம் போனால் 1930க்கு உடனே அடிங்க, இல்லைன்னா cybercrime.gov.in. நான் ஆறு நாள் "டீம் சொல்லும்"னு காத்திருந்துட்டு இன்னைக்குக் காலையில்தான் அடிச்சேன்.