ஏஐ உதவியாளரின் நினைவு வசதி: ஊரும் வேலையும் மாறி ஒரு வருடம் ஆன பிறகு

தோழி ஒருத்தி அடுத்த மாதம் புனே போகிறாள். புது வேலை. நேற்று போனில், "அந்த ஆப்ல மெமரியை ஆன்லயே வெச்சுக்கலாமாடி? நீதான் ஊர் மாறியும் விடாம வெச்சிருக்கியே" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் இருந்தவரை எனக்கு இது பெரிய நிம்மதி. அம்மாவுக்கு வேர்க்கடலை ஆகாது என்று ஒரே ஒரு முறை எழுதினேன். அதன் பிறகு எந்தச் சமையல் குறிப்பிலும் கடலை எட்டிப் பார்த்ததில்லை. நான் டேட்டாபேஸ் சப்போர்ட்டில் இருக்கிறேன், அப்போது இரவு 8 மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும். நினைவூட்டல் எதுவும் மதியம் 1 மணிக்கு முன்னால் வேண்டாம் என்பதையும் அது பிடித்து வைத்துக்கொண்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2025 ஜூனில் கோவைக்கு வந்தேன். வேலை பகல் ஷிஃப்ட். சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

மார்ச்சில் ஆஃபர் வந்தபோதே 'ஜூனில் கோவைக்கு மாறுகிறேன்' என்று எழுதியிருந்தேன். ஆப் என்னைப் பற்றிச் சேர்த்து வைக்கும் பட்டியலில் அது ஒரு வரியாகச் சேர்ந்தது. 'சென்னை வேளச்சேரியில் வசிக்கிறார்' என்ற பழைய வரியும் அப்படியே இருந்தது. குடிவந்த பிறகு கோவை முகவரியைச் சொன்னதும் பழைய வரி போய்ப் புதியது வந்துவிட்டது. சரி, தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆகஸ்டில் பழைய வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ் வாங்க நான்கு நாள் சென்னை போனேன். மழையில் மாட்டிக்கொண்டு, 'இப்போ சென்னையில் இருக்கேன், வேளச்சேரியில் இருந்து சென்ட்ரல் போகணும்' என்று தட்டினேன். கோவை திரும்பிய பிறகு பட்டியலைத் திறந்தால் 'தற்போது சென்னையில் இருக்கிறார்' என்று ஒரு வரி, முந்தின நாள் தேதியோடு. அடுத்த வாரம் கும்பகோணத்துக்கு, அம்மாவிடம் போக ரயில் பார்த்தேன். எழும்பூரில் இருந்து கிளம்பும் வண்டிகளாக வரிசை கட்டி வந்தன. கோவையில் இருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி போகிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது இதில்தான். புதிதாகச் சொன்னதுதான் உண்மை என்ற ஒற்றை விதியில் அது ஓடுகிறது. ஒரு தகவல் பதிவான நாள் வேறு, அது செல்லுபடியாகும் நாள் வேறு. மார்ச்சில் பதிவானது ஜூன் முதல்தான் உண்மை. ஆகஸ்டில் பதிவானது நான்கு நாளைக்கு மட்டும் உண்மை. என் தொழிலில் இது பாலபாடம். ஒரு பதிவு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று வைத்துக்கொள்ள, டேட்டாபேஸ் மொழியான எஸ்.க்யூ.எல்.-க்கு 2011-இல் வந்த தரத்திலேயே வழி இருக்கிறது. எந்த ஆபீஸின் சம்பள மென்பொருளும் சம்பள மாற்றத்தை 'எப்போது முதல்' என்ற கட்டத்தை நிரப்பாமல் ஏற்காது. மாதச் சந்தா வாங்கும் ஒரு ஆப் அந்த ஒரு கட்டத்தை வைக்கவில்லை.

சரி, உட்கார்ந்து நாமே சுத்தம் செய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டியலை எடுத்தேன். 54 வரிகள். 'சென்னை' என்று தேடி, வந்த ஏழு வரிகளையும் நீக்கினேன். அதில் 'சென்னை நிறுவனத்தில் 2019 முதல் டேட்டாபேஸ் பணி' என்பதும் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு சான்றிதழ் தேர்வு விண்ணப்பத்துக்கு என் பணி விவரத்தைத் தயார் செய்தால், ஆறு வருட அனுபவத்தைக் காணோம். நான் நேற்று வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி இருந்தது அது. முகவரி மாறினால் பழையதைத் தூக்கிப் போடலாம். பழைய வேலை அப்படியில்லை. அது முடிந்துவிட்டது, ஆனால் பொய்யாகிவிடவில்லை. இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிட மோசம், ஊர்ப் பெயரே இல்லாத வரிகள். 'மதியம் 1 மணிக்கு முன் நினைவூட்டல் வேண்டாம்.' 'இரவு 2 மணிக்குச் சாப்பிடுவார்.' 'வீட்டுத் தண்ணீர் உப்பு, வாஷிங் மெஷினுக்கு மாதம் ஒரு முறை உப்புப்படிவ நீக்கி வேண்டும்.' இவை எல்லாம் அந்த ஊரும் அந்த ஷிஃப்டும் போட்ட குட்டிகள். எந்தத் தேடலிலும் 'சென்னை' என்று அகப்படாது. இப்போது என் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் மாத சாமான் பட்டியலில் அந்தப் பொடி விடாமல் வந்துகொண்டிருந்தது. காலை 9 மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவளுக்கு, மாத்திரை நினைவூட்டல் 1 மணிக்கு!

இது ஏன் என்று புரிந்துகொள்ள அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது ஒன்றும் நம்மைப் போல நினைவு வைத்திருக்கவில்லை. நம்மைப் பற்றிய சின்னச் சின்ன வரிகள் ஒரு பட்டியலில் கிடக்கின்றன. புதிதாக ஒரு உரையாடல் தொடங்கும்போது அந்த வரிகளோ, பேச்சுக்குப் பொருத்தமாகத் தெரியும் சிலவோ முன்னால் வைக்கப்படுகின்றன. மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேசும்போது நினைவூட்டல் வரிதான் பொருத்தமாகத் தெரியும், கோவை வரி தெரியாது. இரண்டும் அருகருகே வந்தாலும், ஒன்று இன்னொன்றைச் சார்ந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஊர் மாறியதும் அதைச் சார்ந்தவையும் சந்தேகத்துக்குரியவை என்று அதற்குத் தெரிய வழியில்லை.

நீக்கிய வரிகளில் ஒன்று மறுபடி முளைத்த கதையும் உண்டு. சேமித்த வரிகள் ஒரு பக்கம், பழைய உரையாடல்களில் இருந்து அதுவாகத் திரட்டி வைத்திருப்பது இன்னொரு பக்கம். வரியை அழித்தால் உரையாடல் அழியாது. இரவு ஷிஃப்ட் பற்றிப் புலம்பிய பழைய உரையாடல்களையும் தேடி நீக்கிய பிறகுதான் அது ஓய்ந்தது.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது தேதிதான். இருக்கும் வரிகளைத் திருத்தி, '2019 முதல் மே 2025 வரை சென்னையில் வேலை, இரவு ஷிஃப்ட். ஜூன் 2025 முதல் கோவையில், பகல் ஷிஃப்ட். சென்னைக்குப் போவது பயணம் மட்டுமே' என்று ஒரே வரியில் எழுதினேன். துண்டு துண்டாக இருந்தால் பாதி மட்டும் வரும், ஒன்றாக இருந்தால் முழுதும் வரும். பிறகு ஒவ்வொரு வரியையும் 'இது எதனால் உண்மையாக இருந்தது?' என்று பார்த்தேன். ஊரால், ஷிஃப்டால் என்றால் நீக்கம். என்னால், அம்மாவால் என்றால் இருக்கட்டும். 54-இல் 31 மிஞ்சின. சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஊரைப் பற்றிப் பேசாமல் மளிகைப் பட்டியலும் ஒரு நாளின் நேர அட்டவணையும் போட வைத்தேன். பழசு ஒளிந்திருந்தால் அங்கேதான் தலைகாட்டும். உப்புப்படிவ நீக்கி வரவில்லை. மாத்திரை காலை 8 மணிக்கு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை தொந்தரவு இல்லை, நன்றாகவே உழைக்கிறது.

அப்படியும் தோழியிடம், கிளம்புவதற்கு முன்னால் மெமரியை அணைத்துவிடு, புனேயில் வீடும் நேரமும் ஒரு நிலைக்கு வர மூன்று மாதம் ஆகும், அதன் பிறகு காலிப் பட்டியலோடு தொடங்கு என்றுதான் சொல்லப் போகிறேன். வீடு மாற்றும் அலைச்சலில் 54 வரியை உட்கார்ந்து படிக்கும் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். என்னுடையதை நான் அணைக்கவில்லை. அம்மா அடுத்த வாரம் இங்கே வருகிறார், ஒரு மாதம் இருப்பார். வேர்க்கடலை வரி இன்னும் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.