இருந்தால் ஒரே உயரம், எழுந்தால் 18 சென்ரிமீற்றர்: நெட்டையானவருக்கும் கட்டையானவருக்கும் ஸ்குவாட், டெட்லிஃப்ட்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்து ஜிம் ஒன்றில் ஒரே ரேக்கில் மாறி மாறிச் செய்யும் இரண்டு பேரின் அளவுகளை வைத்து எழுதுவது இது. ஒருவர் 181 செ.மீ, மற்றவர் 163 செ.மீ. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டு தலையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். எழுந்து நின்றால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே வித்தியாசம் முழுக்கக் காலில்தான். அவர்களுக்கு மூன்று வருசமாகப் பயன்பட்டு வருபவை மூன்று: குதிக்குக் கீழ் 2 செ.மீ ஆப்பு, பாதத்தை வெளியே திருப்பிய நிலை, சின்ன பிளேட்டுக்குக் கீழ் வைக்கும் பலகை. எது உண்மையில் உதவியது, எது எங்கே புது நோவைத் தந்தது என்பதைச் சொல்லுமுன் அளவைப் பார்க்க வேண்டும்.

அளவெடுக்கத் தையல் நாடா போதும். இடுப்பின் பக்கத்தில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு காலை முன்னும் பின்னும் ஆட்டினால் விரலுக்குக் கீழே ஒரு எலும்பு முடிச்சு உருளும். அதிலிருந்து முழங்காலின் வெளிப்பக்க மடிப்பு வரை தொடை. அங்கிருந்து கணுக்காலின் வெளிமொழி வரை கணைக்கால். அதே முடிச்சிலிருந்து தோளில் இரும்புப் பார் தங்கும் இடம் வரை உடல். ஒன்றிரண்டு செ.மீ பிழை வரும், பரவாயில்லை. நெட்டையானவருக்குத் தொடை 48, கணைக்கால் 44, உடல் 50. கட்டையானவருக்கு 39, 38, 50.

இனி ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது. பார் எப்போதும் நடுப்பாதத்துக்கு நேர்மேலே, அதாவது சப்பாத்து நாடா முடிச்சுக்கு மேலே இருக்க வேண்டும். முன்னே போனால் விரலில் பாரம் விழும், பின்னே போனால் மல்லாக்க விழுவோம். பாரத்துக்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள கிடைத்தூரம்தான் மோமென்ட் ஆர்ம். நாங்கள் நெம்புதூரம் என்றே சொல்வோம். கிணற்றிலிருந்து இழுத்த வாளியை உடம்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. தண்ணீரின் நிறை கூடவில்லை, தூரம்தான் கூடியது.

தொடை தரைக்குச் சமாந்தரமாக வரும் ஆழத்தை எடுப்போம். கணைக்கால் முன்னுக்கு 30 பாகை சாய்ந்தால் நெட்டையானவரின் முழங்கால் கணுக்காலுக்கு 22 செ.மீ முன்னே வரும். கணுக்காலிலிருந்து நடுப்பாதம் 6 செ.மீ என்று வைத்தால், முழங்கால் பாரத்துக்கு 16 செ.மீ முன்னே நிற்கும். தொடை 48 என்பதால் மீதி 32 செ.மீ பாரத்துக்குப் பின்னே போகும். அந்த 32 தான் இடுப்பு மூட்டின் நெம்புதூரம். கட்டையானவருக்கு இதே கணக்கில் முழங்காலுக்கு 13, இடுப்புக்கு 26. இரண்டு மூட்டிலும் நெட்டையானவருக்கு 23 வீதம் கூட. அவர் தோளிலுள்ள 100 கிலோ, மற்றவர் 123 கிலோ வைத்திருப்பதற்குச் சமம். இது போதாதென்று, பார் இறங்கி ஏறும் தூரமும் அவருக்கு ஏறத்தாழ 65 செ.மீ, மற்றவருக்கு 51 தான். (உடம்பின் சொந்த நிறையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நெட்டையானவருக்கு இன்னும் பாதகம்.)

இடுப்பு 32 செ.மீ பின்னே போனால் 50 செ.மீ உடல் நிலைக்குத்திலிருந்து 40 பாகை குனிந்தே ஆக வேண்டும். கட்டையானவருக்கு 31 பாகை போதும். இந்த இடத்தில்தான் ஜிம்மில் வழக்கமாக நடக்கும் தவறு நடக்கிறது. பக்கத்தில் நிற்பவர் “நெஞ்சை நிமிர்த்து, குனியாதே” என்று கத்துவார். நெட்டையானவர் சொன்னபடி நிமிர்ந்தால் பார் நடுப்பாதத்துக்குப் பின்னே போகும். சப்பாத்து விரல் தரையை விட்டு எழும்பும், ஆள் ஒரு அடி பின்னே வைத்துத் தடுமாறுவார். அவர் குனிவது சோம்பலால் இல்லை, அளவு அப்படி. குனிவு தவறாவது எப்போதென்றால், எழும்பத் தொடங்கும்போது இடுப்பு மேலே போய்க்கொண்டிருக்க பார் அசையாமல் நிற்கும்போதுதான். தொடையின் முன்தசை கைவிட்டு, பாரம் முழுக்க நாரிக்கு மாறுவதன் அடையாளம் அது. போனை இடுப்பு உயரத்தில், மூன்று மீற்றர் தள்ளி, சரியாகப் பக்கத்திலிருந்து வைத்து வீடியோ எடுத்தால் இந்த இரண்டு குனிவையும் பிரித்தறியலாம். முன்னால் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆப்பு: 20 செ.மீ நீளம், பின்பக்கம் 2 செ.மீ உயரம், முன்னே சுழியமாகச் சரிவாகச் சீவிய மரத்துண்டு. கிட்டத்தட்ட 6 பாகைச் சரிவு. கணுக்கால் மடிப்பு அதே அளவாக இருக்க, கணைக்கால் 36 பாகை வரை சாயலாம். நெட்டையானவரின் முழங்கால் இப்போது பாரத்துக்கு 20 செ.மீ முன்னே, இடுப்பு 28 செ.மீ பின்னே, குனிவு 34 பாகை. நாரிக்கு முதல் நாளே ஆறுதல் தெரியும். ஆனால் பாரம் காற்றில் கரைவதில்லை. முழங்காலின் நெம்புதூரம் 16 இலிருந்து 20 ஆகிவிட்டது, அதாவது 25 வீதம் கூட. பழைய 100 கிலோவையே ஆப்பில் நின்று தொடர்ந்தால் சில வாரத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே, படி இறங்கும்போது குத்தும் நோவு வரும். விடை கணக்கிலேயே இருக்கிறது: 80 கிலோவில் தொடங்கினால் 80×20 உம் 100×16 உம் ஒன்றுதான். முழங்காலுக்குப் பழகிய பாரமே விழும். பிறகு கிழமைக்கு இரண்டரைக் கிலோவாக ஏற்றலாம். கட்டையானவருக்கும் ஆப்பு வேலை செய்யும், ஆனால் 31 பாகையில் நிற்பவருக்கு அதனால் பெரிய இலாபமில்லை. கணுக்கால் இறுகியிருந்தால் மட்டும் வைக்கலாம்.

செய்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் குதிக்குக் கீழ் 2.5 கிலோ பிளேட் வைக்கிறார்கள். அதன் விளிம்பு உள்ளங்காலின் வளைவில் அழுத்தும், குதி மட்டும் தாங்கப்பட்டு நடுப்பாதம் தொங்கும். ஒட்டுப்பலகையில் வெட்டியது எங்கள் கடற்கரைக் காற்றுக்கும் வியர்வைக்கும் ஒரு வருசத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்தது. முதிரைத் துண்டில் சீவியது இன்னும் அப்படியே இருக்கிறது. தரையோட்டில் வழுக்காமல் அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்ட வேண்டும். மெத்தென்ற அடியுள்ள ஓட்டச் சப்பாத்துடன் ஆப்பில் நிற்க வேண்டாம். பாரம் வந்ததும் அடி நசுங்கி, பாதம் எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது.

ஆப்பு இல்லாமலே கிடைப்பது பாதத்தைத் திருப்பும் வழி. கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்து, பாதத்தையும் முழங்காலையும் 30 பாகை வெளியே திருப்பினால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது 48 செ.மீ தொடை 41.6 செ.மீ தொடைபோல நடந்துகொள்ளும். இடுப்பின் பின்தூரம் 28 அளவுக்கு வரும். ஆப்பு தந்த அதே பலன், முழங்கால் முன்னே போகாமல். அதன் விலையை உட்தொடை கொடுக்கும். முழங்கால் பாதவிரலின் திசையை விட்டு உள்ளே மடிந்தால் விரித்தது கூடிவிட்டது என்று பொருள், ஒவ்வொரு பாதத்தையும் இரண்டு விரலளவு உள்ளே எடுக்க வேண்டும்.

பாரைத் தோளில் 5 செ.மீ கீழே இறக்கி வைத்தால் நெம்புதூரம் குறையும் என்று நம்புபவர்கள் அதிகம். இடுப்பின் 32 செ.மீ தொடையாலும் கணைக்காலாலும் வந்தது. பாரை இறக்கினால் உடல் 45 செ.மீ ஆகி, அதே 32 க்கு ஆள் 45 பாகை குனிய வேண்டி வரும். மேல்முதுகுக்கு இலேசாகும், இடுப்புக்கு அதே பாரம்தான்.

தரையில் கிடக்கும் பாரைக் கையால் பிடித்து நிமிரும் டெட்லிஃப்ட்டில் கை வந்து கதையை மாற்றுகிறது. 45 செ.மீ விட்டமுள்ள பிளேட்டில் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ உயரத்தில் இருக்கும். தோள் மூட்டிலிருந்து பிடி வரை நெட்டையானவருக்கு 68, கட்டையானவருக்கு 58. கால் நேராகி நிமிர்ந்து முடிக்கும்போது பார் எழும்பிய தூரம் முன்னவருக்கு 59, பின்னவருக்கு 53 அளவில். ஸ்குவாட்டில் 14 செ.மீ இருந்த இடைவெளி இங்கே 6 செ.மீ. கை ஒரு செ.மீ நீண்டால் தூக்கும் தூரம் ஒரு செ.மீ குறையும், நேரான கணக்கு. ஆனால் தொடக்க நிலையில் இடுப்பின் நெம்புதூரத்தை நீண்ட கை அவ்வளவாகக் குறைக்காது. கணைக்கால் சற்றே சாய்ந்து, தோள் பாருக்கு மேலே நின்றால் நெட்டையானவருக்கு 43, மற்றவருக்கு 37 வரும். அங்கே ஆள்வது மறுபடியும் தொடைதான்.

இந்த நிலையில் இடுப்பு எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டையானவரின் இடுப்பு முழங்காலைவிட மூன்று செ.மீ தான் மேலே, பார்த்தால் குந்தியிருப்பதுபோல் இருக்கும். நெட்டையானவரின் இடுப்பு முழங்காலுக்கு 14 செ.மீ மேலே, முதுகு நிலைக்குத்திலிருந்து 59 பாகை குனிந்திருக்கும். நெட்டையானவரைப் பார்த்துக் கட்டையானவர் “இடுப்பை இறக்கு” என்றால், இறக்கும்போது முழங்கால் முன்னே தள்ளி, பார் நடுப்பாதத்தை விட்டு விரல் பக்கம் உருளும். இழுக்கத் தொடங்கியதும் பார் எழும்புமுன் இடுப்பு தானாகவே பழைய உயரத்துக்கு ஏறிவிடும். வீடியோவில் அந்த வெற்று ஏற்றம் தெரிந்தால், அடுத்த முறை இடுப்பு ஏறி நின்ற அந்த உயரத்திலிருந்தே தொடங்குவதுதான் திருத்தம்.

நம்ம ஊர் ஜிம்களில் இன்னொரு சிக்கல் பிளேட்டின் அளவு. இருபது கிலோ பெரிய பிளேட் ஒரு சோடிதான் இருக்கும், அதை வேறு யாராவது எடுத்திருப்பார்கள். பத்துக் கிலோ வார்ப்பிரும்பு பிளேட்டுகளைப் போட்டு இழுத்தால், விட்டம் 35 செ.மீ என்றால் பார் 17.5 செ.மீ உயரத்தில் கிடக்கும். அந்த 5 செ.மீ கட்டையானவருக்குப் பெரிதாகத் தெரியாது. ஏற்கெனவே 59 பாகை குனிந்திருக்கும் நெட்டையானவருக்கு, பின்தொடைத் தசையின் நீளம் அங்கே முடிந்து, மீதிக் குனிவை நாரி வளைந்து கொடுக்கும். ரீசேட்டில் இடுப்புப் பட்டிக்கு மேலே இருந்த மடிப்பு விரிந்து மறைந்தால் நாரி வளைந்துவிட்டது. இரண்டு பக்கப் பிளேட்டுக்குக் கீழும் ஒரே தடிப்பில் 5 செ.மீ பலகையோ றபர்த் துண்டோ வைத்து, தரையிலிருந்து பாரின் நடு வரை 22.5 இருக்கிறதா என்று நாடாவால் பார்த்துவிட்டு இழுக்கலாம். ஒரு பக்கம் ஒரு செ.மீ கூடினாலும் பார் சரிந்து கிடக்கும், பிளேட் பலகையில் உருண்டு போகவும் கூடும், ஆகவே பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒரு மெல்லிய சட்டம் அடித்துக்கொள்வது நல்லது.