மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு, தமிழில்: நீண்ட நாள் ஆடினால் தெரிபவை

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. கிரௌடின் தளத்தில் தன்னார்வலர்கள் வரிவரியாக மொழிபெயர்க்கிறார்கள். பெயர்க்காத வரிகள் ஆங்கிலத்திலேயே வரும். விளையாட்டில் பேச்சுக்குரல் இல்லாததால், மொழிபெயர்ப்பின் தரம் முழுக்க எழுத்தில்தான் தெரியும்.

முதல் ஒரு மணி நேரத்தில் மெனு தமிழாக இருப்பதே மகிழ்ச்சி தரும். சில வாரம் தொடர்ந்து ஆடிய பிறகுதான் உறுத்தல்கள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை, வாக்கியத்துக்குள் பெயரோ எண்ணோ வந்து விழும் இடங்களில் இருக்கும்.

ஒருவருக்குப் பொருள் கொடுக்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலம் `Gave %s %s to %s`. மூன்று `%s`-களில் முறையே எண்ணிக்கை, பொருள், ஆடுபவர் பெயர் வந்து அமரும். தமிழில் பெறுபவர் முன்னே வருவதுதான் இயல்பு. ஆனால் `%s`-களை எண்ணிடாமல் `%s-க்கு %s %s கொடுக்கப்பட்டது` என்று எழுதினால், விளையாட்டு பழைய வரிசையிலேயே நிரப்பும். திரையில் "64-க்கு [கல்] கண்ணன் கொடுக்கப்பட்டது" என்று வரும். `%3$s`, `%1$s` என்று எண்ணிட்டால் வரிசை சரியாகும். அப்போதும் "கண்ணன்-க்கு" என்ற ஒட்டு மிஞ்சும். தமிழில் அது "கண்ணனுக்கு". "கல்" என்பதோ "கல்லை" ஆகும். பெயர் மாறுவதற்கேற்ப உருபும் மாறுவது விளையாட்டுக்குத் தெரியாது.

ஆகவே உருபே தேவைப்படாத வாக்கியத்தைத் தேட வேண்டும். சாவுச் செய்தியில் இதன் அருமை நன்றாகத் தெரியும். `%1$s was slain by %2$s` என்பதை "%2$s-ஆல் %1$s கொல்லப்பட்டார்" என்று பெயர்த்தால் "ஜாம்பி-ஆல்" என்று வரும். வளர்ப்பு ஓநாய் செத்தாலும் இதே வரிதான், "ஓநாய் கொல்லப்பட்டார்" என்று. அதையே இப்படி எழுதலாம்: "%2$s தாக்கியதில் %1$s உயிர் போனது." இரண்டு பெயரும் மாறாமல் நிற்கின்றன, உயர்திணை, அஃறிணைச் சிக்கலும் போகிறது. "ஜாம்பி தாக்கியதில் கண்ணன் உயிர் போனது" என்று படித்தால் தமிழர் ஒருவர் சொன்னது போலவே இருக்கிறது. சுருக்கமும் கூட, ஓடும் அரட்டையில் ஒரே பார்வையில் படித்துவிடலாம்.

பிடிக்காத வரியை நாமே மாற்றலாம். ஒரு ரிசோர்ஸ் பேக் செய்து, அதில் `assets/minecraft/lang/ta_in.json` என்ற கோப்பில் மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் எழுதினால் போதும்:

```json
{
  "death.attack.mob": "%2$s தாக்கியதில் %1$s உயிர் போனது",
  "commands.give.success.single": "%3$s பெற்றது: %2$s × %1$s"
}
```

வரிகளின் சாவிப் பெயர்கள் விளையாட்டின் ஜார் கோப்புக்குள் இருக்கும் `en_us.json`-இல் கிடைக்கும். பேக்கின் வேர்க் கோப்புறையில் `pack.mcmeta` இருக்க வேண்டும். அதில் இடும் எண் விளையாட்டின் பதிப்புக்கேற்ப மாறும். கோப்பைச் சேமித்து, ரிசோர்ஸ் பேக் பட்டியலில் பேக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால், விளையாட்டுக்குள் `F3 + T` அழுத்தினால் மாற்றம் உடனே வரும். வராவிட்டால் முதலில் கடைசி வரியில் மிஞ்சிய காற்புள்ளியைப் பாருங்கள். அது ஒன்றே கோப்பு முழுவதையும் செல்லாமல் ஆக்கிவிடும்.

பொருட்பெயரில் எவ்வளவு தூரம் தமிழாக்குவது? ரெட்ஸ்டோனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "செங்கல்" ஆகிவிடும். செங்கல்லோ விளையாட்டில் தனிப் பொருளாகவே உண்டு. இங்கே "ரெட்ஸ்டோன்" என்றே விடுவதுதான் சரி. நம் சொல் எங்கே இயல்போ அங்கே அதையே வைக்கலாம்: கரி, வாளி, தூண்டில். பட்டறைச் செய்முறைப் புத்தகத்தின் தேடல் தமிழ்ப் பெயரைப் பார்க்கும். `/give` கட்டளையோ `redstone` என்ற ஆங்கில அடையாளத்தைத்தான் ஏற்கும். `F3 + H` அழுத்தினால், பொருளின் மேல் சுட்டியை வைக்கும்போது அந்த அடையாளமும் கீழே தெரியும். ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்துக் கட்டும்போது இது இல்லாமல் முடியாது.

மொழிபெயர்ப்பாளர் தீர்க்க முடியாத குறை ஒன்று உண்டு. ஜாவா பதிப்பு ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே வரைகிறது. உயிர்மெய்யைச் சேர்த்து அமைப்பதில்லை. "பெட்டி"யில் எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னே போய் நிற்கும். "கு" ஒரே வடிவமாகக் கூடாமல் பிரிந்து நிற்கும். ரிசோர்ஸ் பேக்கில் அழகான ட்ரூடைப் எழுத்துருவைச் சேர்த்தாலும் எழுத்தின் தோற்றம் மாறுமே தவிர, கொம்பின் இடம் மாறாது. அதனால் பேக்கில் எழுதும்போது, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குறைவாக உள்ளதைத் தேர்வது பயன்படும். "வெளியேறு" என்பதைவிட "முடி" என்பது அந்தப் பொத்தானில் தெளிவாகப் படிக்க வரும்.