தனி ஃபீடரா, பெரிய யுபிஎஸ்ஸா? மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதும் முன் நாங்கள் போட்ட கணக்கு

ஒரே மழைக்காலத்தில் எங்கள் மருத்துவமனையில் எம்ஆர்ஐ கருவியைக் குளிர்விக்கும் சில்லரின் கம்ப்ரசர் இரண்டு முறை பழுதானது. இரண்டு முறையும் மின்சாரம் போய்ச் சில நொடிகளில் திரும்பியிருந்தது. நிர்வாகத்தைப் பார்ப்பவன் என்ற முறையில், என்ன செய்யலாம் என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

ஜெனரேட்டர் இதற்கு உதவாது. அது கிளம்பிச் சுமையை ஏற்கப் பத்து நொடியாவது ஆகும். அதற்குள் மின்சாரம் வந்துவிடுகிறது.

யுபிஎஸ் வென்டிலேட்டர், மானிட்டர், கணினிகளைக் காப்பாற்றுகிறது. சில்லரையும் அதில் இணைக்கலாமா என்று பார்த்தோம். நேரடியாக ஓடத் தொடங்கும் மோட்டார் அந்த நேரத்தில் வழக்கமான அளவைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதைத் தாங்கும் யுபிஎஸ் வாங்கினால், சில வருடங்களுக்கு ஒருமுறை அத்தனை பேட்டரியையும் மாற்ற வேண்டும். பராமரிப்புச் செலவு முடிவதேயில்லை.

கம்ப்ரசர் ஏன் கெடுகிறது? நின்றவுடன் உள்ளே அழுத்தம் இறங்கச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மின்சாரம் வந்தால், அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் மோட்டார் திணறிச் சூடாகும். தாமத டைமர் பொருத்தியதில் கம்ப்ரசர் தப்பியது. ஆனால் ஒவ்வொரு தடைக்கும் ஐந்து நிமிடம் குளிரூட்டல் இல்லை. பாதியில் நிற்கும் ஸ்கேனும் வீணாயிற்று.

ஆக, தடையே வராமல் பார்ப்பதுதான் வழி. துணை மின் நிலையத்திலிருந்து எங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் லைனான 11 கேவி ஃபீடர் ஊர் முழுக்கக் கிளை பிரிகிறது. எந்தத் தெருவில் மரக்கிளை உரசினாலும் துணை மின் நிலையத்தில் பிரேக்கர் ட்ரிப் ஆகும், எங்களுக்கும் மின்சாரம் போகும். எங்களுக்கென்று ஒரு ஃபீடர் தனி பிரேக்கரிலிருந்து நிலத்தடிக் கேபிளாக வந்தால் அந்தக் கிளைகளின் கோளாறு எங்களை நிறுத்தாது. பக்கத்து ஃபீடரில் கோளாறு வந்தால் நொடிக்கும் குறைவாக மின்னழுத்தம் சரியும். அதனால் யுபிஎஸ்ஸைக் கைவிட முடியாது. கேபிள் இணைப்பு பழுதானால் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரமாகும் என்பதால், பழைய லைனை மாற்று வழியாக வைத்துக்கொள்ளவும் கேட்டோம்.

கடிதத்தில் 'அடிக்கடி மின்தடை' என்று மட்டும் எழுதினால் போதாது. மூன்று மாதங்களுக்கு எங்கள் யுபிஎஸ் பதிவில் இருந்த நேரங்களைத் துணை மின் நிலையப் பதிவேட்டோடு வரிசையாகப் பொருத்தினோம். 19 தடைகளில் 16 ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரங்களில் எங்கள் சொந்த உயரழுத்த பிரேக்கர் ஒருமுறைகூட ட்ரிப் ஆகவில்லை, அதாவது கோளாறு எங்கள் பக்கம் இல்லை என்பதையும் சேர்த்தோம்; மின்வாரியச் செயற்பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம் சர்வீஸ் பொறியாளரின் பழுது அறிக்கை, எங்கள் மின்தேவை, கேபிள் வரக்கூடிய பாதை. கடைசிப் பத்தியில், துணை மின் நிலையத்தில் காலி பிரேக்கர் இருக்கிறதா என்று கேட்டு, மதிப்பீட்டுத் தொகையை நாங்களே கட்டுவதாக எழுதினோம்.