வாழைப்பழத்தை விட்டோம், ராத்திரி மாத்திரையை யாரும் கேட்கவில்லை

பொங்கலுக்கு டொராண்டோவிலிருந்து தஞ்சாவூர் போயிருந்தேன். போன நாலாம் நாள் விடியற்காலையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புடவை நனையும் அளவுக்கு வியர்வை, மண்டை இடி, நெஞ்சு படபடப்பு. வீட்டு மெஷினில் பிரஷர் 190/110 காட்டியது. ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிட்டது. கடந்த ஒரு மாதத்தில் இது மூன்றாவது முறை என்று அப்புறம்தான் சொன்னார்.

தெருமுனை டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைவலி, வியர்வை, படபடப்பு மூணும் சேர்ந்து வருது, ஃபியோ இருக்கான்னு பார்த்துடலாம்" என்றார். ஃபியோகுரோமோசைட்டோமா என்பது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி. அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் திடீர் திடீரென்று ரத்தத்தில் கொட்டும். மிக அரிதான நோய்தான், ஆனால் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் அதைச் சந்தேகப்பட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முதலில் எழுதிக் கொடுத்தது விஎம்ஏ டெஸ்ட். அட்ரினலினும் நார்அட்ரினலினும் உடைந்து கடைசியில் ஆகும் கழிவுதான் விஎம்ஏ, அதை 24 மணி நேரச் சிறுநீரில் அளப்பார்கள். லேபில் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று தந்தார்கள். அடியில் கொஞ்சம் ஆசிட் இருக்கிறது, மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: வாழைப்பழம், காபி, டீ, சாக்லேட், வெனிலா, ஆரஞ்சு மூன்று நாளைக்குக் கூடாது. காலை காபி இல்லாமல் அம்மாவுக்குத் தலை வெடித்தது. ஆனாலும் ஒரு சொட்டு தொடவில்லை. காலை ஆறு மணிக்கு முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, மறுநாள் ஆறு மணி வரை ஒன்றும் விடாமல் பிடித்து, கேன் மேல் பிளாஸ்திரி ஒட்டி நேரத்தை எழுதி வைத்தார்.

விஎம்ஏ நார்மல் என்று வந்தது. அது நோயைத் தவறவிடக்கூடிய பழைய டெஸ்ட் என்பதால், அட்ரினலினும் நார்அட்ரினலினும் மாறி உண்டாகும் மெட்டாநெப்ரின்களை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார் டாக்டர். இரண்டு மாடி ஏறிப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த உடனே ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டில் நார்மெட்டாநெப்ரின் 290, அவர்கள் போட்டிருந்த வரம்பு 180. மெட்டாநெப்ரின் மட்டும் வரம்புக்குள். அன்றைக்கே வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எழுதிவிட்டார்கள். வீட்டில் யாரும் அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஸ்கேனுக்கு முன்னால் திருச்சியில் ஒரு ஹார்மோன் டாக்டரம்மாவைப் பார்த்துவிடலாம் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. "அம்மா சாப்பிடுற எல்லா மாத்திரையும் எடுத்து மேசையில வைங்க" என்றார். அம்மா கைப்பையிலிருந்து அம்லோடிபின், மெட்ஃபார்மின், கால்சியம் அட்டைகளை எடுத்து வைத்தார். "அவ்வளவுதானா? ராத்திரிக்கு?" என்று கேட்டபிறகுதான், "அது நரம்பு மாத்திரைங்க, கால் எரிச்சலுக்கு" என்று இன்னொரு அட்டை வெளியே வந்தது. அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறார்.

டாக்டரம்மா அங்கேயே தாளில் படம் போட்டுக் காட்டினார். நரம்பு முனை நார்அட்ரினலினை வெளியே விடும், வேலை முடிந்ததும் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் அந்த இழுக்கும் வழியை அடைத்துவிடுகிறது. வெளியே தங்கியது ரத்தத்தில் வழிந்து நார்மெட்டாநெப்ரினாக மாறுகிறது. அட்ரினலினில் இருந்து வரும் மெட்டாநெப்ரின் உயராமல் இது மட்டும் ஒன்றரை மடங்கு உயர்ந்திருந்தால், முதலில் மாத்திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார். வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தால் அவர் பேச்சே வேறாக இருந்திருக்கும். மாடி ஏறிய கையோடு உட்கார்த்தி வைத்து ரத்தம் எடுத்ததும் இதே எண்ணைத்தான் ஏற்றும்.

வாழைப்பழத்தைப் பற்றி நானே கேட்டேன். அந்த மூன்று நாள் பட்டினி எதற்கு என்று மனசு ஆறவில்லை. வாழைப்பழத்தில் டோபமினும் நார்அட்ரினலினும் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் சாப்பிட்டதைக் குடலே சல்ஃபேட்டோடு ஒட்டிவிடுகிறது. சிறுநீரை ஆசிட்டோடு சூடாக்கி அந்த ஒட்டலைப் பிரித்து அளக்கும் முறையில் வாழைப்பழம் கணக்கில் ஏறும். டோபமினில் இருந்து வரும் மெத்தாக்ஸிடைரமினை அளந்தாலும் ஏறும். ஒட்டாமல் தனியாக ஓடும் மெட்டாநெப்ரின்களை ரத்தத்தில் அளக்கும்போது பெரிதாக ஒன்றும் செய்யாது. துண்டுச்சீட்டின் தடைகள் பெரும்பாலும் விஎம்ஏயை நிறம் பார்த்து அளந்த காலத்தவை. பழத்தின் பெயரெல்லாம் அச்சடித்த அந்தச் சீட்டில் ஒரு மாத்திரையின் பெயர்கூட இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அவர் செய்யச் சொன்னது இது. அமிட்ரிப்டிலினை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் 10 மில்லிகிராம், பிறகு நிறுத்தி முழுசாக இரண்டு வாரம். கால் எரிச்சலுக்கு அதற்குப் பதில் ப்ரீகாபலின். டுலோக்ஸெட்டினும் கால் எரிச்சலுக்குக் கொடுப்பதுதான், ஆனால் அதுவும் அதே வழியை அடைப்பதால் வேண்டாம் என்றார். அம்லோடிபினைத் தொடரச் சொன்னார். ஜலதோஷ மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரினோ ஃபீனைலெஃப்ரினோ இருக்கும், டெஸ்ட் முடியும்வரை தொடவே கூடாது. பாராசிட்டமால் எல்லா லேபிலும் குழப்பாது, சில மெஷின்களில் மட்டும் அதன் அலை நார்மெட்டாநெப்ரின் அலையோடு கலந்துவிடும். அதனால் அந்தக் கலப்பு வராத எல்சி-எம்எஸ் முறையில் அளக்கிற லேப்தானா என்று ஃபோன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றார். கேட்டேன். ரிசப்ஷனில் தெரியவில்லை, ஆனால் உள்ளே யாரையோ விசாரித்து அரை மணியில் திரும்ப அழைத்து ஆமாம் என்று சொன்னார்கள்.

நான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். புதுசாகப் போன லேப் அருமையாக நடத்தியது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, கையில் ஊசியை முதலிலேயே போட்டுவிட்டு, திரையை இழுத்து முப்பது நிமிஷம் படுக்க வைத்தார்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று என்னை வெளியே அனுப்பினாள் ஊசி போட்ட பெண். பிறகு படுத்த நிலையிலேயே ரத்தம். நார்மெட்டாநெப்ரின் 112.

மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்கள் என்ன செய்வது என்று தங்கை கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம், நார்மலாக வந்தால் அதை நம்பலாம், ஏனென்றால் மாத்திரை எண்ணை ஏற்றத்தான் செய்யும், இறக்காது என்றார் டாக்டரம்மா. உயர்ந்து வந்தால்தான் சிக்கல். அப்போது அவசரப்பட்டு ஸ்கேன் போட்டால், நடுவயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு அட்ரினலில் ஒன்றும் செய்யாத சின்னக் கட்டி ஒன்று தெரியத்தான் செய்யும். பொய்யாக ஏறிய எண்ணும் சும்மா கிடக்கும் கட்டியும் ஒரே ஃபைலில் சேர்ந்தால் ஆபரேஷன் வரைக்கும் போகும்.

அந்தக் காலை நேரத்து பிரஷர் ஏற்றத்துக்குக் காரணமும் அதே அறையில் வெளிவந்தது. மார்கழி முழுக்க விடியற்காலைக் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் அம்லோடிபினை வாரத்தில் பாதி நாள் விட்டிருக்கிறார். போதாததற்கு மூக்கடைப்புக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிய ஜலதோஷ மாத்திரை. டாக்டரம்மா ஃபைலின் முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயரையும் நிறுத்திய தேதியையும் எழுதி, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் மறுபடி இப்படி வந்தால் உடனே வரச் சொன்னார். சிடி ஸ்கேன் சீட்டைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.