ஊரில் கல்வெர்ட் கட்டப் பணம் அனுப்புகிறீர்களா? குழாயின் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து, ஊராட்சியின் அனுமதியோடு, புதுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் கிராமச் சாலைக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போக ஒரு கல்வெர்ட் கட்டப் பணம் கொடுத்தோம். கான்ட்ராக்டர் எங்களை ஏமாற்றிவிட்டார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர் செய்த விதத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பேசிக்கொண்டிருந்தபோது இன்னும் இரண்டு ஊர்ச் சங்கங்கள் இதே போன்ற வேலைக்குப் பணம் திரட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் 2.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் உள்ள காங்கிரீட் பெட்டிக் கல்வெர்ட் என்று தெளிவாக இருந்தது. வேலை நடந்த நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. புதுத் தார், வெள்ளையும் கறுப்பும் அடித்த கைப்பிடிச் சுவர், பூசை போட்ட எலுமிச்சம்பழம், எல்லாம் இருந்தன. ஒரு படம்கூட ஓடைக்குள் இறங்கி எடுத்ததில்லை. கீழே அவர் பதித்தது 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹியூம் பைப் என்னும் காங்கிரீட் குழாய் இரண்டு. நவம்பரில் ஒரு ராத்திரி மழையில் தண்ணீர் சாலைக்கு மேலே ஏறி, கீழ்ப்பக்கக் கரையை அறுத்துக்கொண்டு போன பிறகுதான் இது எங்களுக்குத் தெரிய வந்தது.

கேட்டதற்கு, “அண்ணே, ரெண்டு அறுநூறு சேர்ந்தா ஆயிரத்து இருநூறுண்ணே, தாராளமாப் போகும்” என்றார். இது முழுப் பொய். குழாய் எவ்வளவு தண்ணீரை விடும் என்பது அதன் வாயின் பரப்பைப் பொறுத்தது. 600 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு 0.28 சதுர மீட்டர். இரண்டும் சேர்ந்து 0.57 தான். 1200 குழாய் ஒன்றின் பரப்போ 1.13. அவர் சொன்னதில் சரியாகப் பாதிதான் அங்கே இருக்கிறது. மதிப்பீட்டில் எழுதிய பெட்டியின் பரப்பு 3 சதுர மீட்டர். பணம் வாங்கியது அதற்கு.

அப்புறம் அவர் தரப்பில் ஒரு கணக்குத் தாளும் வந்தது. பெரிய மழை என்றால் ஒரு நாளைக்கு 100 மில்லிமீட்டர், அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம், அதற்கு இந்தக் குழாய் போதும் என்று அதில் இருந்தது. பார்க்க முறையான கணக்கு மாதிரிதான் இருக்கும். தவறு அந்த வகுத்தலில் இருக்கிறது.

எங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் நிலம் சுமார் 60 ஹெக்டேர். தைலமரக் காடும் செம்புறைத் தரையும்தான் பெரும்பகுதி. தொலைவான மூலையில் விழும் தண்ணீர் சாலைக்கு வந்து சேர ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஆக, 40 நிமிடம் விடாமல் கொட்டும் மழை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குள் முழு நிலமும் ஒரே சமயத்தில் சாலைக்குத் தண்ணீர் அனுப்பத் தொடங்கிவிடும். நாள் முழுவதற்குமான சராசரியால் இங்கே ஒரு பயனும் இல்லை. சிங்கப்பூரில் மத்தியான மழையில் நனைந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரை மணியில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும்.

சின்ன நிலப்பரப்புக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிதானது:

```
Q = C × i × A / 360
```

Q என்பது விநாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் என்பது. i மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை, A ஹெக்டேரில் நிலம், C என்பது விழும் மழையில் ஓடி வரும் பங்கு. எங்கள் தரைக்கு C 0.4 என்றும், மழை மணிக்கு 75 மில்லிமீட்டர் வேகம் என்றும் வைத்தால் விநாடிக்கு 5 கன மீட்டர் வருகிறது. கான்ட்ராக்டரின் 4 மில்லிமீட்டரைப் போட்டால் 0.3 கூட வராது. மழையும் அதே, நிலமும் அதே, விடையில் மட்டும் பதினெட்டு மடங்கு வித்தியாசம்.

இப்போது குழாய்ப் பக்கம் பார்ப்போம். ஓடையின் தரையிலிருந்து சாலை 1.5 மீட்டர் உயரம். தண்ணீர் சாலை விளிம்பு வரை தேங்கி அழுத்தினாலும் ஒரு 600 குழாய் விநாடிக்கு 0.8 கன மீட்டர்தான் விடும். இரண்டும் சேர்ந்து 1.6. மீதி 3.4 எங்கே போகும்? சாலை மேலேதான். தாழ்வான 20 மீட்டர் நீளத்தில் அது ஏறினால் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓடும். ஊரில் எங்கள் சித்தப்பா, “முழங்காலுக்குக் கீழ, ஆனா நிக்க முடியலப்பா, இழுக்குது” என்று சொன்னதும் அதுதான்.

இவ்வளவும் குழாய் சுத்தமாக இருந்தால். அன்று ராத்திரி அது அடைத்திருந்தது.

குழாயின் முகப்பில் ‘குப்பை போகாமல் இருக்க’ என்று நெருக்கமான இரும்புக் கம்பி வலை ஒன்றையும் வைத்து, அதற்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தார். எனக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான். சீமைக்கருவேலக் கிளை ஒன்று குறுக்கே மாட்டினால் போதும், அதன் மேல் தென்னை மட்டை, அதன் மேல் நெகிழிப் பை, காய்ந்த புல் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஓடி வரும் தண்ணீரே அதை வலையோடு வைத்து அழுத்தும். யாரும் இறங்கி எடுக்கவும் முடியாது. வலை இல்லாவிட்டாலும், இரண்டு சின்னக் குழாய்களுக்கு நடுவில் இருக்கும் சுவரில் கிளை மாட்டும். 2.5 மீட்டர் ஒரே திறப்பாக இருந்திருந்தால் அந்தக் கிளைகளில் பெரும்பாலானவை தண்ணீரோடு போயிருக்கும்.

அடைப்பு ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், திறப்பு பாதியானால் அதே அளவு தண்ணீரைத் தள்ள நான்கு மடங்கு உயர அழுத்தம் தேவைப்படும். தண்ணீர் அவ்வளவு உயர்வதற்குள் சாலை வந்துவிடுகிறது. ஏறிய தண்ணீர் மறுபக்கம் அருவி மாதிரி விழுந்து, கரையின் அடிமண்ணை அரித்து, சாலையைக் கீழிருந்து பின்னோக்கித் தின்னும். மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் மண் இருக்காது. மழை நின்றதும் அதன் மேல் வண்டி விட வேண்டாம் என்று ஊரில் சொல்லிவையுங்கள்.

சிங்கப்பூரிலேயே 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். கனமழையோடு, ஸ்டாம்ஃபோர்டு கால்வாயின் ஒரு பக்கத் திறப்பில் குப்பை அடைத்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்வளவு பராமரிப்பு உள்ள இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், யாரும் எட்டிப் பார்க்காத கிராம ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கப்போகிறவர்கள் கணக்குத் தாளில் முதலில் மழை எண்ணைப் பாருங்கள். ஒற்றை இலக்கம் இருந்தால் அது நாள் சராசரிதான், திருப்பி அனுப்புங்கள். அதே ஓடையில் மேலேயும் கீழேயும் இருக்கும் பழைய பாலங்களின் திறப்பை ஊர்ப் பையன் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். உங்களுடையது அவற்றைவிடப் பல மடங்கு சின்னதாக இருந்தால் காரணம் கேளுங்கள். முந்தைய வெள்ளம் வேலிகளில் விட்டுப்போன புல்லும் குப்பையும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பார்க்கச் சொன்னால், தண்ணீர் எதுவரை வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

மண் போட்டு மூடும் முன் ஓடைக்குள் நின்று, திறப்பின் குறுக்கே டேப் பிடித்து எடுத்த படம் வராமல் இரண்டாம் தவணை போகக் கூடாது. கடைசித் தவணையை ஐப்பசி கார்த்திகை மழை முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால் ஒரு லட்சம் ரூபாய் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. வலையை வெட்டி எடுத்தாகிவிட்டது. பெட்டிக் கல்வெர்ட்டுக்கு வேறு ஆளிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம். பழைய ஆள் மேல் புகார் கொடுக்க, பழைய மதிப்பீட்டையும் குழாயின் படங்களையும் ஊராட்சி அலுவலகத்தில் சேர்த்திருக்கிறோம்.