வந்த கையோடு படிப்பதா, தூங்கி எழுந்து படிப்பதா?

இரவு எட்டு முதல் காலை எட்டு வரை ராமநாதபுரத்தில் டூட்டி, வீடு கீழக்கரையில், வெளிநாட்டில் நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்கு ஆறு வாரம். "அக்கா, வந்த கையோடு படிச்சிட்டுத் தூங்கவா, தூங்கி எழுந்து படிக்கவா?" என்று கேட்டாள் கூட வேலை பார்க்கும் தங்கை.

முதல் வழிக்குப் பலம் உண்டு. காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், வீடு அமைதி. ஆனால் படித்து முடித்துப் பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் மொட்டை மாடி வெக்கை அறைக்குள் இறங்கியிருக்கும். காலையில் எவ்வளவு தாமதமாகப் படுக்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் உடம்பு எழுப்பிவிடும். நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிது.

அதைவிடப் பெரிய சிக்கல் விடைகளில் தெரியும். யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று ஒரு கேள்வி: சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் அளவு 90; டிகாக்சின் என்ற இதய மருந்து எடுக்கும் இன்னொருவருக்குப் பொட்டாசியம் 2.8. இரவெல்லாம் விழித்த கண்ணுக்கு 90தான் முதலில் படும். சி.ஓ.பி.டி.யில் அது எதிர்பார்த்த அளவே. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அவரிடம்தான் முதலில் போக வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல.

அதனால் ஒரு வாரம் தவறான விடைகளின் பக்கத்தில் 'தெரியாது' அல்லது 'தெரிந்தும் தப்பு' என்று குறிக்கச் சொன்னேன். இரண்டாவது வகை கூடினால் பாடத்தில் குறையில்லை, நேரம்தான் தப்பு.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. ஒன்பதரைக்கு ஜன்னலை மூடிப் படுத்து மூன்றரைக்கு எழ வேண்டும். நாலிலிருந்து ஆறேகால் வரை கேள்விகள், விடை விளக்கத்தோடு. அப்புறம் பஸ். இரண்டேகால் மணி நேரம்தான், ஆனால் தெளிந்த தலை. சாயங்காலம் வரும் விருந்தாளிகளை அம்மா சமாளிக்கட்டும்.

வார்டில் பின்னிரவு மூன்று மணிக்குப் படிப்பது? ஆய்வக அளவுகளைப் புரட்டலாம், அவ்வளவுதான். ஆறு கேள்வி சேர்ந்து வரும் கேஸ் ஸ்டடியைத் தொடவே கூடாது; பாதியில் பெல் அடித்தால் அதுவும் போச்சு, நோயாளி மேல் கவனமும் போச்சு.

தேர்வுக்குக் காலை நேரம் பதிவு செய்திருந்தால், கடைசிப் பத்து நாளில் இரண்டு வழியும் உதவாது. லீவோ பகல் டூட்டியோ கேட்டு வாங்கணும். கடைசி நைட் முடிந்த அன்று மதியம் வரை மட்டும் தூங்கி, இரவு பத்துக்குப் படுத்தால் உடம்பு திரும்ப ஆரம்பிக்கும். பிறகு தேர்வு தொடங்கும் அதே மணிக்கு உட்கார்ந்து 85 கேள்வி ஒரே மூச்சில். தேர்வு அதற்குக் குறையாது, 150 வரைகூடப் போகும். சென்னைக்கு ராத்திரி ரயிலில் போய் இறங்கி நேரே தேர்வறைக்குப் போனால் இன்னொரு நைட் டூட்டி பார்த்த கணக்கு. முந்தின நாளே போய்ச் சேரட்டும்.